நாடு சொல்லும் பதிவேடு, ஆளைச் சொல்லுமா?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, பஸ்ஃபீட் செய்தியாளர்கள் வினோதமான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அமெரிக்க அரசியலை அனல் பறக்க எழுதிக்கொண்டிருந்த குறைந்தது 140 இணையதளங்கள், மாசிடோனியாவில் சுமார் 45,000 பேர் வாழும் வேலெஸ் என்ற ஊரிலிருந்து நடத்தப்பட்டன. விளம்பரக் காசுக்காக உள்ளூர் இளைஞர்கள் நடத்திய தொழில் அது. அவர்களைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று, டொமைன் பதிவு விவரம்.

இணைய முகவரி ஒன்றை வாங்குபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பதிவு நிறுவனத்திடம் தர வேண்டும். ‘ஹூ இஸ்’ என்ற தேடலில் அன்று அவை அனைத்தையும் யாரும் பார்க்கலாம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நிலைமை மாறியது. சர்வதேச டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு, தனிநபர் பெயரையும் தெரு முகவரியையும் மறைக்க வழிசெய்தது. தவறு என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து வலைப்பதிவு எழுதும் பெண்ணின் முகவரி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

மாநிலமும் நாடும் மட்டும் இன்றும் தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சந்தேகமான ஒரு கடையின் பெயரை lookup.icann.org தளத்தில் இட்டால், சில சமயம் இப்படி வரும்:

```
Registrant Organization: Privacy service provided by Withheld for Privacy ehf
Registrant Country: IS
```

IS என்பது ஐஸ்லாந்து. கடைக்காரர் அங்கே இருக்கிறார் என்று பொருளல்ல. நேம்சீப் என்ற பதிவு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை மறைக்கும் சேவைக்கு ரெய்க்யாவிக்கில் முகவரி இருக்கிறது, அவ்வளவே. உண்மையான ஆள் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

மறைப்புச் சேவையே இல்லாமல் ஒரு நாட்டின் பெயர் வந்தாலும் அது வாங்கியவர் தாமே எழுதிக்கொடுத்ததுதான். மின்னஞ்சல் அல்லது தொலைபேசி வேலை செய்கிறதா என்று பதிவு நிறுவனம் சோதிக்க வேண்டும். முகவரியின் வடிவம் சரியா என்று பார்ப்பார்கள், நேரில் போய்ப் பார்ப்பதில்லை. தளம் இயங்கும் சர்வர் இருக்கும் இடத்தைப் பார்த்தாலும், கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவைகள் தங்கள் முகவரியைத்தான் காட்டும்.

ஆனால் பொய் சொல்லக் கடினமான ஒரு வரி பதிவேட்டில் உண்டு: டொமைன் உருவான தேதி. அதைப் பதிவகத்தின் கணினி எழுதுகிறது. ‘இருபது ஆண்டு பாரம்பரியம்’ என்று சொல்லும் நகைக்கடைத் தளம் மூன்று வாரங்களுக்கு முன்புதான் பிறந்திருந்தால், பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டும். தேதி பழையதாக இருப்பது மட்டும் நம்பகத்துக்குச் சான்றல்ல. பழைய டொமைனை விலைக்கு வாங்கியிருக்கலாம்.

ஏமாந்தவர்கள் ஐஸ்லாந்துக்குக் கடிதம் எழுதி நாளைக் கடத்த வேண்டாம். பதிவு நிறுவனத்தின் பெயரையும் உருவான தேதியையும் குறித்துக்கொண்டு, 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் தாருங்கள். மறைக்கப்பட்ட விவரங்களையும் பணம் செலுத்திய குறிப்பையும் பதிவு நிறுவனத்திடம் சட்டப்படி கேட்டுப்பெற, காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வழி உண்டு.