சோபாவில் முடி, வயிற்றில் வழுக்கை

"முடி ரொம்பக் கொட்டுது டாக்டர்" என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுத் தரையையும் சோபாவையும் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மருத்துவரோ தரையைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. பூனையை மேசையில் நிறுத்தி, முடியைக் கையால் விலக்கி, அடியில் தோல் எப்படியிருக்கிறது என்று பார்க்கிறார். உதிர்ந்த முடியின் அளவைவிட, உடம்பில் மிஞ்சியிருக்கும் முடிதான் அவருக்கு விஷயத்தைச் சொல்லும். இது தெரிந்தால் பாதிப் பயம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். சில நேரம், பயப்படாமல் விட்ட இடத்தில் பயம் வரவும் செய்யும்.

எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடியில் இருக்கும் அக்கா இரண்டு பூனைகள் வளர்க்கிறார். ஒன்று ஆரஞ்சு நிறப் பெர்சியன். இன்னொன்று, தெருவில் குட்டியாகக் கிடைத்த கறுப்பு வெள்ளை நாட்டுப் பூனை. பங்குனி வெயில் தொடங்கியதும் பெர்சியன் மேல்தான் அவருக்குக் கவலை வந்தது. "சீப்பை வச்சு ஒரு இழு இழுத்தா கைநிறைய வருதும்மா. சாப்பாட்டுத் தட்டுல முடி, துணியில முடி. ஏதோ வியாதிதான்" என்றார். நாட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டபோது, "அதுக்கென்ன, ஒரு முடிகூடக் கொட்டாது" என்று சொல்லிவிட்டார். இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டுபோனார். பெர்சியனுக்கு ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். நாட்டுப் பூனையைப் புரட்டிப் பார்த்தபோது, அதன் அடிவயிறும் பின்தொடைகளின் உட்புறமும் மொட்டையாக இருந்தன.

பெர்சியனுக்கு நடந்ததை முதலில் பார்ப்போம். மனிதத் தலைமுடி ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போகும். பூனையின் முடி அப்படியல்ல. தன் இனத்துக்குரிய நீளம் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு வேரில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அதே துளையில் புது முடி முளைத்து மேலே வரும்போது பழையது கழன்றுவிடும். அதாவது இயல்பாக உதிரும் முடிக்குப் பின்னால் அதன் மாற்று ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு கொட்டினாலும் தோல் வெளியே தெரியாமலிருப்பது இதனால்தான். பூனையின் ஒரு துளையிலிருந்து ஒரே ஒரு முடி வருவதில்லை. தடித்த மேல்முடி ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய அடிமுடிகள் பலவும் கூட்டமாக வரும். காற்றில் பறந்து துணியில் ஒட்டி நம்மை வதைப்பவை இந்த அடிமுடிகள்தாம். பெர்சியனுக்கு இவை நீளமானவை, நெருக்கமானவை. அதனால் அது இயல்பாக உதிர்ப்பதே நம் கண்ணுக்கு நோய்போலத் தெரிகிறது.

எப்போது உதிர்க்க வேண்டும் என்று பூனைக்கு யார் சொல்கிறார்கள்? வெயில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெப்பத்துக்கும் ஓரளவு பங்குண்டு. ஆனால் முக்கியமான சமிக்ஞை பகலின் நீளம். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பொறுத்து மூளையிலுள்ள பினியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு குறுகினால் சுரப்பும் குறுகும். அந்த மாற்றம் மற்ற ஹார்மோன்கள் வழியாக முடி வேர்களை எட்டுகிறது. அதனால் குளிர்நாடுகளில் வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும் பூனைகள் தடித்த குளிர்காலப் போர்வையைக் கழற்றும். இலையுதிர்காலத்தில் இன்னொரு முறை, கொஞ்சம் குறைவாக உதிர்க்கும்.

நம்மூரில் இந்தக் கணக்கு மங்கலாகிவிடுகிறது. லண்டனில் ஜூன் மாதத்தின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு வீட்டுக்குள் வாழும் பூனைக்கு இரவு பதினொரு மணிவரை டியூப்லைட் எரிகிறது. அதன் உடம்புக்குக் கோடை, குளிர் என்ற பிரிவே சரியாகத் தெரிவதில்லை. எனவே நம் வீட்டுப் பூனைகள் பலவும் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும், சில வாரங்களில் மட்டும் கூடும். டொராண்டோவில் இருக்கும் உறவினர் வீட்டுப் பெர்சியன் ஏப்ரலில் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு நிற்கிறது என்றால், சென்னைப் பெர்சியன் அதே வேலையைத் தவணை முறையில் செய்கிறது. "சீசன் முடிஞ்சும் கொட்டுதே" என்பது மட்டும் இங்கே நோய்க்கு அடையாளமாகாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? அக்கா வீட்டில் மருத்துவர் செய்ததை நாமும் செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் பூனையை மடியில் வைத்து, முதுகு, விலா, வயிறு, தொடை என்று முடியை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். இயல்பான உதிர்வில் முடி உடம்பெங்கும் ஒரே சீராகக் குறையும். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும், திட்டுத்திட்டாக மொட்டை விழாது. தோலில் சிவப்பு, பொருக்கு, செதில், புண் எதுவும் இருக்காது. அடியில் புது முடி குட்டையாக முளைத்திருப்பது விரலுக்குத் தட்டுப்படும். பூனையும் வழக்கம்போலச் சாப்பிடும், விளையாடும், எடை குறையாது. பெர்சியனிடம் இவை எல்லாமே இருந்தன.

ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றியோரத்தில் பூனைகளுக்கு முடி இயற்கையாகவே குறைவு. குட்டை முடிப் பூனைகளில், அதிலும் கறுப்புப் பூனைகளில், அங்கே தோல் பளிச்சென்று தெரியும். தோல் சுத்தமாக, இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அது வழுக்கையல்ல, அமைப்பு.

இனி நாட்டுப் பூனை. ஒரு முடிகூடக் கொட்டவில்லை என்று அக்கா சொன்னது பொய்யில்லை. அதன் முடி தரைக்கு வரவே இல்லை, வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முள்கள் உண்டு. அவற்றில் சிக்கியதைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கித்தான் ஆக வேண்டும். அரிப்போ வலியோ வந்தால் பூனை அந்த இடத்தை விடாமல் நக்கும், முடி நாக்கோடு அறுந்துவிடும். பெரும்பாலும் இது மறைவில், அல்லது நாம் தூங்கும்போது நடக்கும். வீட்டுக்காரர் பார்த்திருக்கவே மாட்டார்.

மருத்துவர் மொட்டையின் விளிம்பிலிருந்து சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தார். இந்தச் சோதனை எளிமையானது, ஆனால் நிறையச் சொல்லக்கூடியது. தானாக உதிரும் முடியின் நுனி ஊசிபோலக் கூர்ந்து முடியும். நக்கி அறுக்கப்பட்ட முடியின் நுனி மழுங்கி, பிளந்து, ஒடிந்திருக்கும். இந்தப் பூனையின் முடிகளில் நுனியே இல்லை. வேர்கள் நன்றாக இருந்தன. ஆக, முடி உதிரவில்லை, பூனைதான் அதை எடுத்துக்கொண்டிருந்தது. விரலால் தடவினாலும் ஓரளவு தெரியும்: நக்கிய இடம் பட்டுப்போலின்றி, சவரம் செய்த தாடைபோலச் சொரசொரக்கும்.

அடுத்தது காரணம். மருத்துவர் பல் நெருக்கமான இரும்புச் சீப்பால் வால் அடியில் வாரி, வந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். துகள்களைச் சுற்றி நீரில் துருச்சிவப்பு பரவியது. அது மண்ணல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது பூனையின் செரித்த ரத்தம். உயிருள்ள தெள்ளு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதில் வியப்பில்லை, நக்கும் பூனை தெள்ளுகளையும் சேர்த்து விழுங்கிவிடும். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்குச் சில கடிகளே போதும்.

கழுத்துப் பிடரியில் விடும் சொட்டு மருந்தை இரண்டு பூனைகளுக்கும் மாதம் ஒருமுறை, மூன்று மாதம் விடச் சொன்னார். பெர்சியனுக்கும் ஏன் என்று அக்கா கேட்டார். ஒரே வீட்டில் ஒன்றுக்கு மட்டும் விட்டால் தெள்ளு மற்றதன் மேல் வாழும். தரை விரிப்பிலும் மெத்தை மடிப்பிலும் கூட்டுப்புழுவாகக் காத்திருப்பவை வாரக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று மாதம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் நஞ்சு. நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துபோன பூனைகள் உண்டு.

இப்படி நக்கி மொட்டையாகும் பூனையைப் பார்த்து, "மனசு சரியில்லை, அதான் நக்குது" என்று முடிவுகட்டுவது எளிது. 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வொன்று, மனஅழுத்தத்தால் நக்குவதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தது. அவற்றில் 16 பூனைகளுக்கு உடல் காரணமே இருந்தது, பெரும்பாலும் ஒவ்வாமை. மனக்காரணம் மட்டும் இருந்தவை இரண்டு. அடிவயிற்றை மட்டும் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பை வலியும் இருக்கலாம் என்பதால், அது மணல் தட்டில் எப்படிப் போகிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

பெர்சியன் வளர்ப்பவர்கள் படர்தாமரையை மட்டும் மறக்கக் கூடாது. நீள முடிக்குள் அது மறைந்தே இருக்கும். சில பூனைகள் வெளியே எதுவும் தெரியாமல் பூஞ்சையைச் சுமக்கும். வட்டமான மொட்டை, ஒடிந்த முடி, சாம்பல் நிறச் செதில், அத்தோடு வீட்டில் யாருக்காவது கையில் வட்டமாக அரிப்பு என்றால், அதைப் பருவ உதிர்வு என்று ஒதுக்க முடியாது.

திடீரெனக் கொட்டினாலும் கவலைப்படத் தேவையில்லாத சந்தர்ப்பம் இன்னொன்றும் உண்டு. குட்டி போட்டுப் பாலூட்டிய தாய்ப்பூனையும், கடும் காய்ச்சலிலிருந்தோ பெரிய அறுவை சிகிச்சையிலிருந்தோ தேறிய பூனையும், ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரே மூச்சில் உதிர்க்கும். அந்தச் சோதனைக் காலத்தில் வேர்கள் ஒருசேர ஓய்வுக்குப் போயிருந்து, இப்போது ஒருசேர விழிப்பதால் வரும் உதிர்வு இது. நல்ல சாப்பாடு கிடைத்தால் தானாகச் சரியாகும். முடி கிட்டத்தட்ட முழுக்கப் புரதம் என்பதால், பால் சோறு மட்டும் தின்னும் பூனைக்கு இது சரியாக வெகுகாலம் ஆகும். மீன், கோழி, முட்டை என்று புரதம் கிடைக்க வேண்டும்.

கோடையில் பெர்சியனுக்கு மொட்டை அடித்துவிடுவது இப்போது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. உதிர்வு அதனால் நிற்காது. உதிர்பவை குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். தோலோ வெயிலுக்கும் கீறலுக்கும் காப்பில்லாமல் நிற்கும். சிக்கு முற்றிச் சடையாகிவிட்டால் ஒழிய அது தேவையில்லை. உதிர்வு கூடும் வாரங்களில் தினமும் பத்து நிமிடம், காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் தவறாமல் வாரினால் போதும். விழுங்கும் முடி குறைவதால் முடி உருண்டையாக வாந்தி எடுப்பதும் குறையும்.

அக்கா வீட்டு நாட்டுப் பூனைக்கு ஆடி மாதத்துக்குள் வயிற்றில் முடி மூடிவிட்டது. சயாமீஸ் பூனை வளர்ப்பவர்கள் மட்டும் இந்த இடத்தில் ஒன்று தெரிந்துகொள்ளலாம். அவற்றின் நிறம் தோலின் சூட்டைப் பொறுத்தது. மொட்டையான இடம் குளிர்ந்திருப்பதால் அங்கே புதிதாக வரும் முடி கருமையாக முளைக்கும். அதுவும் நோயில்லை. அடுத்த சுற்றில் அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும்போது பழைய நிறமே வரும்.