டேங்கில் இடமில்லாத டீசல்

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி ஆபீஸ் ஒன்றில் வாரக் கடைசியில் டீசல் கணக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். இந்த வகுத்தலில்தான் பாதித் தகராறும் பிறக்கிறது.

பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று. டேங்க் கொள்ளளவு 365 லிட்டர், லோடோடு வழக்கமான மைலேஜ் 4. திங்கட்கிழமை ஃபுல் டேங்க் அடித்துக் கிளம்புகிறது. புதன்கிழமை 520 கிலோமீட்டர் ஓடியபின் வழியில் 100 லிட்டர். வெள்ளிக்கிழமை மேலும் 780 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து 250 லிட்டர் போட்டதும் டேங்க் நிறைகிறது. பில்லுக்குப் பில் வகுத்தால் புதன்கிழமை மைலேஜ் 5.2, வெள்ளிக்கிழமை 3.1. முதல் கணக்கைப் பார்த்தால் டிரைவருக்குப் பரிசு கொடுக்கத் தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் சீட்டைக் கிழிக்கத் தோன்றும். இரண்டுமே பொய். "ஃபுல் பண்ணலீங்க முதலாளி, கையில இருந்த காசுக்கு நூறு லிட்டர் போட்டேனுங்க" என்று டிரைவர் சொன்னால் அதோடு விஷயம் முடிந்தது.

ஒரு ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரைதான் கணக்கு. நடுவில் போட்டதையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். 1,300 கிலோமீட்டருக்கு 350 லிட்டர், மைலேஜ் 3.7. வழக்கத்துக்கு 325 லிட்டர் போதும், 25 லிட்டர் கூடியிருக்கிறது. அதனால் பில் எழுதும்போதே ‘ஃபுல்’ அல்லது ‘பாதி’ என்று குறிக்காத ஆபீஸில் வாராந்திர மைலேஜ் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமையோடு வாரம் முடிந்தாலும் டேங்க் நிறையாத வண்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவதுதான் நேர்மை.

அந்த 25 லிட்டர் திருட்டா? சொல்ல முடியாது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாமக்கல் 200 சொச்சத்தில். லோடோடு தொப்பூர் ஏறிப் போகும் வண்டியையும் காலியாக இறங்கி வரும் வண்டியையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. லோடு இறக்கக் காத்திருக்கையில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும். கிலோமீட்டர் ஒன்றுகூட ஏறாது. ஆகவே ஒரு வண்டியை அதன் சொந்தப் பழைய கணக்கோடு, அதே ரூட்டில், அதே லோடில் ஒப்பிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தால் மட்டும் குறி போடலாம். நம் லாரி ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் சரிந்திருக்கிறது. இந்த வாரம் தப்பித்துவிடும். அடுத்த வாரமும் இதே கதை என்றால் டயர் காற்றையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டியதுதான்.

மைலேஜைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: பில்லில் இருக்கும் டீசல் டேங்கில் பிடிக்குமா என்று பார்ப்பது. ஃபுல் அடித்து 200 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, 140 லிட்டருக்குப் பில் வருகிறது. நாலு மைலேஜில் காலியானது 50 லிட்டர். மீதி 90 லிட்டர் எங்கே போய் உட்கார்ந்தது? ஏற்றம், லோடு, டிராஃபிக் என்ற எந்தச் சமாதானமும் இங்கே எடுபடாது. டேங்கிலிருந்து முன்பே டீசல் இறங்கியிருக்கலாம், பில் மட்டும் ஊதியிருக்கலாம், கேனில் பிடித்திருக்கலாம், முந்தைய ‘ஃபுல்’ உண்மையில் ஃபுல்லாக இல்லாதிருக்கலாம். பங்க் பில்லில் இருக்கும் நேரத்தையும் ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும் பக்கத்தில் வைத்தால், அந்த நேரத்தில் வண்டி அங்கே நின்றதா என்பதாவது தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. ஆபீஸிலேயே ஒரு வண்டியின் பில்லை இன்னொரு வண்டியின் பேரில் எழுதியிருக்கலாம். அப்படியானால் அதே வாரச் சுருக்கத்தில் வேறொரு லாரி 6 மைலேஜ் கொடுத்து நிற்கும். நல்ல மைலேஜ் என்று அதைக் கடந்துபோனால் தவறு பிடிபடாது. வழக்கத்தைவிட மிக உயர்ந்த மைலேஜுக்கும் குறி போட வேண்டும்: பில் விட்டுப்போயிருக்கும், அல்லது ரீடிங் தப்பாக ஏறியிருக்கும்.

இத்தனைக்கும் பிடிபடாதது, தடவைக்குப் பத்து லிட்டர் என்று தவறாமல் போகிற கசிவு. அது வழக்கமான மைலேஜுக்குள்ளேயே கலந்து, அந்த வண்டியின் இயல்பு போலவே தெரியும். அதனால் அந்த ‘வழக்கம்’ எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாளியோ நம்பிக்கையான ஆளோ கூடவே போய், கண் முன்னால் ஃபுல் அடித்து, தெரிந்த ரூட்டில் ஓட்டித் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி ஃபுல் அடித்து எடுத்த எண்ணாக அது இருந்தால் நல்லது. எஞ்சின் வேலை பார்த்தபிறகு அந்த எண்ணைப் புதிதாக எடுக்க வேண்டும்.