தெரியுமா? குதிரை ஏறினால் இசையும் மாறும்!

சினிமாவுக்குப் பின்னணி இசை போடுபவரிடம் முழுப் படமும் இருக்கிறது. நாயகன் எந்த நொடியில் விழுவான் என்று தெரிந்து, அந்த நொடியில் வயலினை ஏற்றலாம். வீடியோ கேமுக்கு இசையமைப்பவருக்கு அந்த நொடி தெரியவே தெரியாது! நீங்கள் உடனே சண்டைக்குப் போகலாம், அரை மணி நேரம் சும்மா சுற்றவும் செய்யலாம். ஆனாலும் இசை சரியான நேரத்தில் வந்து நிற்கிறதே, எப்படி?

2010-ல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ என்ற கௌபாய் விளையாட்டைக் கேளுங்கள். பில் எல்ம், வுடி ஜாக்சன் இருவரும் அதன் இசையைப் பெரும்பாலும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் பதிவு செய்தார்கள்: ஏ மைனர், நிமிடத்துக்கு 130 பீட்! டிரம்ஸ், பேஸ், கிதார், டிரம்பெட் எல்லாம் தனித்தனி டிராக்குகள். சுருதியும் வேகமும் ஒன்றானதால் எதன்மேல் எதை ஏற்றினாலும் இடிக்காது. நீங்கள் குதிரையில் ஏறுகிறீர்கள், பேஸ் வந்து சேர்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது, தாளக் கருவிகள் கூடுகின்றன. எங்கே எதைக் கூட்டுவது, குறைப்பது என்று விளையாட்டின் மென்பொருளே அந்தக் கணத்தில் முடிவு செய்கிறது! 130 பீட் வேகத்தில் நான்கு பீட் ஓட இரண்டு நொடிகூட ஆகாது. அடுத்த சுற்றின் தொடக்கம்வரை காத்திருந்து மாறினாலும் தாமதம் தெரியாது. சுருதி பிசகினாலோ, பாதித் தாளத்தில் வெட்டினாலோ மட்டும் காது உடனே பிடித்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் அதே பாலைவனம்தான். கிதார் மட்டும் ஒலித்தால் தனிமை. அதே இடத்தில் டிரம்ஸ் சேர்ந்தால் யாரோ பதுங்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது! 1978-லேயே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதைச் செய்து காட்டியது. அதில் இருந்தது நான்கே நான்கு தாழ்ந்த ஸ்வரங்கள். எதிரிகள் குறையக் குறைய அவை விரைவாகும், விளையாடுபவரின் பதற்றமும் கூடவே ஏறும்.

இசை மட்டுமல்ல, விளையாட்டின் பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் படும் பாடு தெரியுமா? பல நேரம் எதிரே இன்னொரு நடிகர் இருக்க மாட்டார். கதை வரிசையும் இருக்காது. ஒரே எச்சரிக்கையைப் பல விதமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நூறாவது தடவை கேட்கும்போது எரிச்சல் வரும். அடிபடுவது, எரிவது, மலையிலிருந்து விழுவது என்று அலறல்கள் தனிப் பட்டியல்! தொண்டை கட்டிவிடும் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். 2016-ல் அமெரிக்க நடிகர் சங்கம் கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, குரலை வருத்தும் பதிவை 2 மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. என்னைக் கேட்டால், அது நியாயமான கோரிக்கை.

அடுத்த முறை ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ பாலைவனத்துக்குப் போனால் சுடுவதற்கு அவசரப்படாதீர்கள். குதிரையில் ஏறுங்கள், இறங்குங்கள், மறுபடி ஏறுங்கள். பேஸ் எப்போது வருகிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள்!