படக்குறிப்பு வேறு, பாகப்பெயர் வேறு

பாடநூல் படத்தை எழுத்தாக்கும்போது இருவகைச் சொற்கள் எதிர்ப்படும். படத்தின் கீழே எண்ணோடு வரும் படக்குறிப்பு முழுப் படத்தையும் சுட்டும். கோட்டின் முனையில் நிற்கும் பெயர் ஒரு பாகத்தை மட்டுமே சுட்டும்.

இதயத்தின் நீள்வெட்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். இடது வெண்ட்ரிக்கிள் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அதன் பெயர் படக்குறிப்பை ஒட்டியே அச்சாகியிருக்கும். பார்த்த வரிசையில் தட்டச்சு செய்தால், “இடது வெண்ட்ரிக்கிள் படம் 2 இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம்” என்று ஒரே வரியாகிவிடும். பார்வையற்ற மாணவர் இதைக் கேட்டால், வெண்ட்ரிக்கிளை மட்டும் வரைந்த படம் என்றே நினைப்பார்.

எனவே முதலில் படக்குறிப்பை எண்ணோடு தனி வரியில் எழுத வேண்டும். அடுத்து “பாகங்கள்” என்று தலைப்பிட்டு, மேல் இடப்புறம் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் வரிக்கு ஒரு பெயராகத் தர வேண்டும். “நுரையீரல்”, “தமனி” என இரண்டு வரியாக உடைந்த பெயரைச் சேர்த்து எழுத வேண்டும். இதயத்தின் வலப்பக்கம் தாளில் இடப்புறம் தெரியும். அச்சிட்ட பெயரை மாற்றக் கூடாது.

இறுதியாகக் கோடுகளை எண்ணுங்கள். ஒரு பாகத்துக்கு ஒரு கோடு உள்ள படத்தில், பெயர்களின் எண்ணிக்கை கோடுகளோடு பொருந்தாவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது படக்குறிப்போடு கலந்திருக்கிறது.