இலைப்புள்ளிக்குப் படம், உரத்துக்கு எழுத்து

எண்பதுகளில் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. பயிர் நோயைக் காட்ட 35 மி.மீ. ஃபிலிம் ஸ்லைடும் அதற்கான புரொஜெக்டரும். சிபாரிசுகளைச் சொல்ல ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஃபிலிமைக் கழுவி ஸ்லைடாக்கச் செலவு பிடிக்கும், நாளும் ஆகும். காட்டும்போது ஜன்னலையெல்லாம் மூடி அறையை இருட்டாக்க வேண்டும்; இருட்டில் யாரும் குறிப்பெடுக்க முடியாது. ஓ.எச்.பி. ஷீட்டிலோ மார்க்கர் பேனாவால் ஏழெட்டு வரி எழுதலாம், வெளிச்சத்திலேயே காட்டலாம், ஆனால் புகைப்படம் சரிவராது. எதற்குப் படம், எதற்கு எழுத்து என்பதைக் கருவிகளே பெரும்பாலும் முடிவு செய்துவிட்டன. 1987இல் மேகின்டாஷுக்கு வந்த முதல் பவர்பாயின்ட்கூடக் கறுப்பு வெள்ளையில் ஓ.எச்.பி. ஷீட் தயாரிக்கத்தான் உதவியது.

இன்று ஒரே லேப்டாப்பில் இரண்டும் வந்துவிட்டன. முடிவு நம் கைக்கு வந்திருக்கிறது. பலரும் அதை எடுப்பதில்லை. நோயின் அறிகுறிகளை வரிவரியாக எழுதுகிறார்கள், உர அட்டவணைக்குப் பின்னால் பச்சை வயலைப் போடுகிறார்கள்.

நெல்லின் குலை நோயையும் செம்புள்ளி நோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். குலை நோய்ப் புள்ளி இரு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருக்கும். செம்புள்ளி எள் அளவில் நீள்வட்டமாக இருக்கும், சுற்றிலும் பெரும்பாலும் மஞ்சள் வளையம் தெரியும். இதை எத்தனை வரி எழுதினாலும் வயலில் நிற்பவருக்குக் குழப்பம்தான். குழம்பினால் நஷ்டம்: தழைச்சத்து மிகுந்தால் குலை நோய் பெருகும், செம்புள்ளியோ சத்துக் குறைந்த மண்ணில்தான் அதிகம் வரும். செம்புள்ளி என்று நினைத்துக் குலை நோய் வயலில் யூரியா போட்டால் நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும்.

அதனால் நான் இரண்டு இலைகளை ஒரே ஸ்லைடில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். நோயின் பெயரைத் தவிர எழுத்தே கிடையாது. முழு வயலின் படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் புள்ளி தெரியாது.

அடுத்த ஸ்லைடில் படமே இல்லை. குலை நோய் என்றால் மேலுர யூரியாவை நிறுத்தி வையுங்கள். செம்புள்ளி என்றால் மண் பரிசோதனை செய்து, சாம்பல் சத்து குறைந்திருந்தால் கொடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. அந்த ஸ்லைடு வந்ததும் செல்போன்கள் உயரும். வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் படிக்கப்போகிறார்கள். அங்கே விளக்கிச் சொல்ல நான் இருக்கமாட்டேன். அதனால் வாக்கியங்களை முழுதாகவே எழுதுகிறேன்.

படத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சமான கூடத்தில் எல்.சி.டி. புரொஜெக்டர் நிறத்தை வெளுக்கச் செய்யும். முதலில் காணாமல் போவது அந்த மஞ்சள் வளையம்தான். கூட்டம் தொடங்குமுன் கடைசி வரிசைக்குப் போய்ப் பார்ப்பேன். வளையம் தெரியாவிட்டால் முன்பக்க விளக்குகளை அணைக்கச் சொல்வேன். அப்படியும் சரியாகாவிட்டால், நோய் கண்ட இலைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வரிசைக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துவிடுகிறேன்.