மங்கிய பில்லில் ஒரு 3

பெட்ரோல் பங்க்கில் வாங்கும் ரசீதில் மை கிடையாது. வெள்ளைத்தாளின் மேல் பூசிய மருந்தில் நிறமில்லாத சாயமும், அதைக் கறுப்பாக்கும் ஒரு வேதிப்பொருளும் பிரிந்து கிடக்கின்றன. பிரிண்டரின் சூடு பட்ட இடத்தில் மட்டும் இரண்டும் உருகிச் சேர்கின்றன, எழுத்து வருகிறது. வெயில், கையின் எண்ணெய்ப் பசை, பிளாஸ்டிக் பர்ஸ் உறையிலிருந்து கசியும் பொருள், ஏன், மேலே ஒட்டிய செலோடேப்பின் பசைகூட அந்தச் சேர்க்கையைக் குலைத்துவிடும். எழுத்து மறுபடி நிறமிழக்கும்.

அப்படியொரு பில் போன மாதம் என் கைக்கு வந்தது. 2023-இல் சென்னையில் பெட்ரோல் போட்டது, வேன் செலவுக் கணக்கில் சேர வேண்டியது. மடிப்பு விழுந்த இடம் நெடுக வெளுத்திருந்தது. கொண்டுவந்தவர் ஹேர் டிரையரில் சூடு காட்டலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சூட்டில் வெற்றிடமும் கறுக்கும், இருப்பதும் போய்விடும். லேமினேஷனும் அதே காரணத்தால் ஆபத்து. முதலில் கலரில் ஸ்கேன் எடுத்தேன். மங்கிய எழுத்து பெரும்பாலும் மஞ்சள் சாயலாக மிஞ்சும், அது நீல வண்ணத்தை விழுங்கும். எனவே படத்தில் நீல வண்ணப் பகுதியை மட்டும் பிரித்து, கறுப்பு வெள்ளையின் வேறுபாட்டைக் கூட்டினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கோடு மேலே வரும்.

இனி இலக்கங்களைப் படிப்பது. மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வெளுப்பு கோட்டை அழிக்கும், புதிதாகப் போடாது. 8-இன் இடப்பக்கம் வெளுத்தால் 3 ஆகும், நடுக்கோடு போனால் 0 ஆகும். 3 வெளுத்து 8 ஆகவே ஆகாது. ஆகவே கண்ணுக்கு 8 என்று தெரிந்தால், அழுக்கோ சூட்டுக்கறையோ இல்லாதபோது, அதை நம்பலாம். 3, 0, 6, 1 என்று தெரிவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1 என்பது மேல்கோடு இழந்த 7 ஆக இருக்கலாம்.

இந்தப் பில்லில் விலை 102.63 என்று பளிச்சென்று இருந்தது. தொகை 1?00.00. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் மேலே ஒரு கோடு, கீழே வலப்பக்கம் ஒரு வளைவு. அது 3, 5, 8 மூன்றில் ஒன்று. லிட்டர் அளவு 1?.6 என்று தொடங்கியது, கடைசி இலக்கத்தில் மேல்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது.

விலையால் தொகையை வகுத்தால் லிட்டர் வர வேண்டும். 1300-க்கு 12.67, 1500-க்கு 14.62, 1800-க்கு 17.54. தசமப் புள்ளிக்குப் பின் 6 வருவது முதலிரண்டில்தான். அந்த 6-ஐயும் நான் சந்தேகித்தேன், 8-ஆக இருந்து வெளுத்திருக்கலாம். ஆனால் மூன்றில் எதிலும் 8 வரவில்லை. மிஞ்சியது கடைசி இலக்கம் 7-ஆ, 2-ஆ என்பது. 2 என்றால் அடியில் படுக்கைக்கோடு இருக்க வேண்டும். அதை அடுத்துள்ள 6-இன் அடிப்பாகம் கறுப்பாகவே இருந்தது, அந்த வரியின் அடிவிளிம்பை வெளுப்பு தொடவில்லை. ஆக அங்கே கோடு இல்லை என்பதற்கு அச்சாகவே இல்லை என்று பொருள். பக்கத்து இலக்கமும் வெளுத்திருந்தால் இந்த வாதம் நிற்காது. பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி செத்துப்போனாலும் கோடு காணாமல் போகும், ஆனால் அப்போது பில்லின் நீளவாக்கில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக வெள்ளைக்கீற்று ஓடும். இதில் அது இல்லை.

12.67-ஐ 102.63-ஆல் பெருக்கினால் 1300.32. லிட்டரை இரண்டு தசமத்தில் நிறுத்தியதால் வரும் பிசகு, இந்த விலையில் ஐம்பது காசுக்குச் சற்றே மேல்வரை போகலாம். 32 காசு அதற்குள் அடங்குகிறது.

“அப்புறம் என்ன சார், 1300-ன்னு எழுதிடலாமே?” என்றார் அவர். எழுதினோம், 1[3]00.00 என்று. லிட்டர் 1[2].67. கடைசி 7-இன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. பழைய கல்வெட்டுகளையும் பாப்பிரஸ் ஏடுகளையும் பதிப்பிப்பவர்கள் 1931-இல் லெய்டனில் வகுத்த முறை இதன் மூதாதை: அரைகுறையாகத் தெரிகிற எழுத்தின் கீழே புள்ளி, அழிந்ததை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பு. அந்த 3-இன் மிச்சக்கோட்டைக் கண்டேன், ஆனால் அதை 3 என்று சொன்னது கணக்குதான். அதனால்தான் அடைப்புக்குள் போட்டேன். நாளை யாராவது விலையைத் தப்பாகப் படித்ததாகக் கண்டால், எந்த இலக்கம் அதோடு விழும் என்று உடனே தெரிய வேண்டும்.

தேதியில்தான் நின்றுவிட்டோம். நாள் 11 என்று தெரிந்தது, 17-ஆகவும் இருக்கலாம். 2017 ஜூனிலிருந்து பெட்ரோல் விலையை நாள்தோறும் மாற்றலாம் என்ற முறை இருப்பதால், விலையை வைத்தே தேதியைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சென்னையில் 102.63 என்ற விலை 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை அப்படியே நின்றது. இரண்டு நாளுக்கும் ஒரே விலை. வேனின் ஓட்டப் புத்தகத்திலும் அந்த வாரத்துப் பக்கம் இல்லை. “11 அல்லது 17” என்றே நோட்டில் இருக்கிறது, பில்லும் ஸ்கேனும் அதனோடு இணைத்து.