'பேங்க் சார்ஜ் பார்த்துக்கோங்க'... யாரு பார்க்கணும்? வெளிநாட்டு பில் இமெயிலில் பணம் குறைவது எங்கே?

ஏற்காடு அடிவாரத்தில் இருந்து சிங்கப்பூர் மளிகைக் கடைக்கு மிளகும் காபித்தூளும் போகுது. சரக்கு போய்ச் சேர்ந்தாச்சு, பில்லும் இமெயிலில் போயாச்சு. ஆனால் வங்கிக் கணக்கில் வந்த பணம் பில் தொகையைவிடக் குறைவு. யாரும் ஏமாற்றவில்லை. இமெயிலில் எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்கள்தான் காரணம். அது எப்படி என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்க்கலாம்.

முதலில் அந்த இமெயில்

சேர்வராயன் மலைச் சரக்கை வாங்கி அனுப்பும் ஒரு சிறு வியாபாரி, சிங்கப்பூர் கடைக்காரருக்கு இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

"வணக்கம் அண்ணா. மிளகு 100 கிலோ, காபித்தூள் 30 கிலோ அனுப்பியாச்சு. மொத்தம் 1,200 டாலர். சீக்கிரம் போட்டு விடுங்க. பேங்க் சார்ஜ் பார்த்துக்கோங்க. நன்றி."

படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் இதில் இரண்டு வார்த்தைகளுக்கு இரண்டு அர்த்தம் இருக்கு. ஒன்று 'டாலர்'. இன்னொன்று 'பார்த்துக்கோங்க'.

எந்த டாலர்?

அடிவாரத்தில் டாலர் என்றால் அமெரிக்க டாலர்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் அப்படி இல்லை. அங்கே தமிழர்கள் 'வெள்ளி' என்று சொல்வதும் டாலர்தான், ஆனால் அது சிங்கப்பூர் டாலர். கனடா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் இதே குழப்பம் வரும்.

கணக்கு எளிமைக்காக அமெரிக்க டாலர் 90 ரூபாய், சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200 அமெரிக்க டாலர் என்றால் 1,08,000 ரூபாய். அதே 1,200 சிங்கப்பூர் டாலர் என்றால் 84,000 ரூபாய்தான். ஒரே வார்த்தையில் 24,000 ரூபாய் வித்தியாசம்.

இதைத் தவிர்க்க 'டாலர்', '$' என்று மட்டும் எழுதாமல், வங்கிகள் பயன்படுத்தும் மூன்றெழுத்துக் குறியைச் சேர்க்க வேண்டும். அமெரிக்க டாலருக்கு USD, சிங்கப்பூர் டாலருக்கு SGD.

நடுவில் பிடிப்பது யார்?

சிங்கப்பூர் வங்கியில் இருந்து சேலம் கிளைக்கு அமெரிக்க டாலர் நேராக வராது. இந்திய வங்கிகள் டாலர் வாங்குவதற்காக அமெரிக்க வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும். பணம் அந்த வழியாகத்தான் வரும். இப்படி நடுவில் இருப்பது இடைநிலை வங்கி. தன் வேலைக்கு அதுவும் ஒரு கட்டணம் பிடிக்கலாம்.

அந்தக் கட்டணம் யார் தலையில் என்பதை, பணம் அனுப்புகிறவர் தேர்வு செய்யும் குறிதான் முடிவு செய்யும்.

* OUR: எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கு.
* SHA: தன் வங்கிக் கட்டணம் மட்டும் அனுப்புகிறவருக்கு. இடைநிலை வங்கி பிடிப்பதும், வாங்குகிறவரின் வங்கி பிடிப்பதும் வாங்குகிறவருக்கு.
* BEN: எல்லாமே வாங்குகிறவருக்கு. அனுப்பும் தொகையில் இருந்தே கழியும்.

கடைக்காரர் SHA போட்டு, நடுவில் 20 டாலர் பிடித்தால் சேலத்துக்கு வருவது 1,180 டாலர். அதாவது சுமார் 1,800 ரூபாய் குறைவு. அவரைப் பொறுத்தவரை, தன் வங்கிக் கட்டணத்தைத் தானே 'பார்த்துக்கொண்டார்'. அடிவாரத்து வியாபாரி நினைத்ததோ மொத்தக் கட்டணத்தையும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்!

குறைந்தால் என்ன சிக்கல்?

1,800 ரூபாய் நஷ்டத்தோடு இது முடிவதில்லை. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லில் இருக்கும் தொகையும், வெளிநாட்டில் இருந்து வந்த தொகையும் பொருந்துகிறதா என்று வங்கி பார்க்கும். ரிசர்வ் வங்கியின் EDPMS என்ற கணினி முறையில் அந்த ஷிப்பிங் பில் முடிக்கப்பட வேண்டும். தொகை குறைந்தால், குறைந்தது வங்கிக் கட்டணம்தான் என்று காட்ட வேண்டி வரும்.

திருத்தி எழுதிய இமெயில்

அதே அண்ணாவுக்கு, அதே மரியாதையோடு இப்படி எழுதலாம்.

"வணக்கம் அண்ணா. மிளகு 100 கிலோ, கிலோ USD 9 வீதம் USD 900. காபித்தூள் 30 கிலோ, கிலோ USD 10 வீதம் USD 300.

மொத்தம்: USD 1,200.00. இது அமெரிக்க டாலர், சிங்கப்பூர் வெள்ளி இல்லை.

கட்டணம்: அனுப்பும்போது OUR தேர்வு செய்யுங்க. உங்க வங்கி, இடைநிலை வங்கி கட்டணம் உங்களுடையது. எங்க வங்கி இங்கே பிடிப்பது எங்களுடையது.

எங்க வங்கிக்கு முழு USD 1,200 வந்து சேரணும். இடைநிலை வங்கி பிடித்துக் குறைந்தால், அந்தத் தொகை உங்க பக்கம் பாக்கியாக நிற்கும். அனுப்பியதும் வங்கி ரசீது நகலை அனுப்பி வைங்க. நன்றி அண்ணா."

கடைக்காரர் OUR-க்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏன்னா அவருக்குச் செலவு கூடும். அப்படியென்றால் SHA போடலாம். ஆனால் நடுவில் பிடிப்பதைக் கணக்கில் வைத்து, சரக்கு போகும் முன்பே விலையைப் பேசிவிட வேண்டும். பணம் வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

OUR போட்டால் முழுசா வருமா?

டாலர் முழுசாக வரலாம். ரூபாயாக மாறும்போது கொஞ்சம் குறையும். சந்தையில் 90 ரூபாய் என்றால், வங்கி 89.50 ரூபாய் தரலாம். அப்போது 1,200 டாலருக்கு 1,07,400 ரூபாய். கரன்சி மாற்றுவதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. அது முழுத் தொகைக்கும் 18% இல்லை. இந்தத் தொகைக்கு 1,037 ரூபாயைச் சேவை மதிப்பாக எடுத்து, அதற்கு 18% போடுவார்கள். சுமார் 187 ரூபாய் வரும். வங்கியின் தனிக் கட்டணம் இருந்தால் அதுவும் கழியும்.

இது சிங்கப்பூர்க்காரர் தர வேண்டிய பணம் இல்லை. அதனால்தான் திருத்திய இமெயிலில் 'எங்க வங்கி இங்கே பிடிப்பது எங்களுடையது' என்று ஒரு வரி இருக்கு. மாற்று விகிதத்தை முன்கூட்டியே தன் வங்கியிடம் கேட்டுப் பேசுவது வியாபாரியின் வேலை.

எங்கே குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பக்க ரசீதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் ரசீதில் 1,200 என்று இருந்து, சேலம் வங்கிக்கு வந்த தகவலில் 1,180 என்று இருந்தால், 20 டாலர் நடுவழியில் பிடிக்கப்பட்டது. இரண்டிலும் 1,200 இருந்து கணக்கில் மட்டும் குறைந்தால், பிடித்தது இங்கே உள்ள வங்கி.

அடுத்து, ரசீதில் உள்ள கட்டணக் குறியைப் பார்க்கணும். வங்கிகள் புதிய தகவல் முறைக்கு மாறிவிட்டதால், சில ரசீதுகளில் OUR என்பதற்குப் பதில் DEBT என்று இருக்கும். SHA என்பது SHAR, BEN என்பது CRED. OUR அல்லது DEBT என்று இருந்தும் நடுவில் பணம் குறைந்திருந்தால், கடைக்காரர் தன் வங்கியிடம் புகார் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம். SHA என்று இருந்தால் வங்கி மேல் தப்பு இல்லை. அப்போது, இமெயிலில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் கேள்வி.